சிறப்பு விருந்தினரை வரவேற்கும் முதல் ஒரு நிமிடம்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லும் பொறுப்பு முதல் முறையாக எனக்கு வந்திருக்கிறது. சிறப்பு விருந்தினர் ஒரு தீயணைப்பு நிலைய அலுவலர். "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். தொடக்க வரிகளை எப்படி எழுதுவது, ஐயா?

பதில்:

அந்த வெள்ளைத் தாளை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு, முதலில் விருந்தினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். தொடக்க வரி கிடைக்கும் இடம் அதுதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வரவேற்புரை எழுதியும் எழுதிக் கொடுத்தும் வருகிறேன். நன்றாக அமைந்த தொடக்கம் ஒவ்வொன்றிலும், அந்த விருந்தினருக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே உள்ள ஏதோ ஒரு சின்னச் செய்தி இருந்தது. வேறு யாருக்கும் பொருந்தாத செய்தி. அது கையில் இல்லாதபோதுதான் "தன்னிகரற்ற", "ஈடு இணையற்ற", "பன்முகத் திறமை கொண்ட" என்று அடைமொழிகளாக வந்து விழும்.

நீங்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தொடக்க வரிகளில் இந்த ஆண்டு விருந்தினரின் பெயரை எடுத்துவிட்டு, போன ஆண்டு வந்தவரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வரிகள் இன்னும் தயாராகவில்லை. "தம் பல்வேறு பணிகளுக்கு இடையிலும் நம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்" என்ற வரி எல்லா விருந்தினருக்கும் பொருந்தும். அதனால்தான் அதைக் கேட்கும்போது மேடையில் இருப்பவரும் நிமிர்வதில்லை, கீழே இருக்கும் பெற்றோரும் நிமிர்வதில்லை.

சரி, தொலைபேசியில் என்ன கேட்பது? விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். கடைசி நாளில் பேசினால் அவசரத்தில் பதில் சுருங்கிவிடும். பெயரை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லக் கேளுங்கள், தலைப்பெழுத்தோடு சேர்த்து. அழைப்பிதழில் ஆங்கிலத்தில் கே என்ற எழுத்து மட்டும் இருக்கும். அது "க." ஆகவும் இருக்கலாம், "கி." ஆகவும் இருக்கலாம், "கு." ஆகவும் இருக்கலாம், அவரே "கே." என்று சொல்லிக்கொள்பவராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து அது. ஆயிரம் பேர் முன்னால் அதைத் தவறாகச் சொல்லக் கூடாது. அடுத்து, இன்றைய தேதியில் அவருடைய பதவியின் சரியான பெயர். பதவி உயர்வு வந்திருக்கும், இடமாற்றம் வந்திருக்கும், சிலர் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

இதில் எனக்கே ஒரு முறை அடி விழுந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், விருந்தினரின் விவரத்தை அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்து எழுதினேன். அது மூன்று ஆண்டு பழைய விவரம். அவரை அவருடைய பழைய பதவியிலேயே வரவேற்றுவிட்டேன். அவர் பேச எழுந்ததும் முதல் வாக்கியத்திலேயே, மிகவும் மென்மையாக, "நான் இப்போது அந்தப் பணியில் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். கைதட்டலோடு தொடங்க வேண்டிய அவருடைய பேச்சு ஒரு திருத்தத்தோடு தொடங்கியது. அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் நம்புவதில்லை, அவரிடமே கேட்டுவிடுகிறேன்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியதுதான் முக்கியம்: "எங்கள் பள்ளிக்கு முன்பு எப்போதாவது வந்திருக்கிறீர்களா?" வந்ததில்லை என்றால், "உங்கள் பள்ளி நாளில் ஆண்டு விழா என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?" இந்த இரண்டு கேள்விக்கும் வெறும் பதவிப் பட்டியலைப் பதிலாகச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு காட்சியைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டதும், "இதை மேடையில் சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வறுமையையோ, தோற்றுப்போன தேர்வையோ உங்களை நம்பிச் சொல்லியிருப்பார். அதை மைக்கில் கேட்க அவர் விரும்பாமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் விருந்தினருக்கு வருவோம். தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் பாதுகாப்பு ஒத்திகை நடத்துவது வழக்கம். உங்கள் பள்ளிக்கும் அவர் அப்படி வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வந்திருந்தால், அன்று அங்கே இருந்த மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். தீயணைப்பானைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: பிடியில் செருகியிருக்கும் முள்ளை இழு, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடி, அழுத்து, பக்கவாட்டில் வீசு. கொழுந்துவிட்டு எரியும் உச்சியில் அடித்தால் தீ அணையாது, எரியும் பொருள் இருக்கும் அடியில்தான் அடிக்க வேண்டும் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் அது மறக்காது. இந்த ஒரு செய்தி போதும், தொடக்கம் வந்துவிடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அனைவருக்கும் வணக்கம்.

'தீயின் உச்சியைப் பார்க்காதீர்கள். அடியைப் பாருங்கள்.'

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மைதானத்தில், எரிகிற ஒரு தகர டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அன்று நடுங்கும் கையோடு தீயணைப்பானைப் பிடித்துப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி, இன்று பத்தாம் வகுப்பு மாணவியாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று பாடம் நடத்த வந்தவர், இன்று நம் ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினராக வந்திருக்கிறார். நம் பள்ளிக் குடும்பத்தின் சார்பில் தீயணைப்பு நிலைய அலுவலர், திருமிகு ... அவர்களை அன்போடு வரவேற்கிறோம்.

ஐயா, எங்கள் பள்ளிக்கு மீண்டும் வந்திருக்கிறீர்கள். எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி."

எண்ணிப் பாருங்கள், அறுபது எழுபது சொற்கள்தான். மேடையில் நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவரைப் புகழ்ந்து ஓர் அடைமொழிகூட இதில் இல்லை. ஆனால் அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. டிரம்மும் நடுங்கும் கையும் உங்கள் பள்ளியில் நடந்தவையாக இருக்க வேண்டும். மாணவர்களிடம் கேட்கச் சொன்னது அதற்குத்தான். நடக்காததை எழுதினால் அதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் விருந்தினர்தான்.

அவர் இதற்கு முன் வந்ததே இல்லை என்றால் இரண்டாவது கேள்விக்குப் போங்கள். ஒரு பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்த தொடக்கத்தைச் சொல்கிறேன். வரவிருந்தவர் மூத்த அதிகாரி. பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லை. தொலைபேசியில் பேசியபோது, பள்ளி நாளில் தாம் வாங்கிய ஒரே பரிசு கையெழுத்துக்கு என்று சொன்னார். அந்த விழாவில் அவர் கையால் 140 பரிசுகள் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்: "பள்ளிப் படிப்பு முழுவதிலும் ஒரே ஒரு பரிசு வாங்கியவர் அவர். அதுவும் கையெழுத்துக்காக. இன்று அந்தக் கை நம் பிள்ளைகளுக்கு 140 பரிசுகளைக் கொடுக்கப் போகிறது." பரிசு வாங்க மேடைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே வந்தது. அவரும் தம் உரையில் அந்தக் கையெழுத்துப் பரிசைப் பற்றித்தான் முதலில் பேசினார். விருந்தினர் உங்கள் தொடக்க வரியைத் தம் பேச்சில் எடுத்துக்கொண்டால், அது சரியாக அமைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே எழுதிய மாதிரியில் பெயர் எங்கே வருகிறது என்று கவனித்தீர்களா? கடைசியில். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். "வரவேற்கிறோம்" என்ற சொல் விழுந்ததும்தான் கை தட்டுவார்கள். பெயர் அதற்கு நேர் முன்னால் இருந்தால் கைதட்டல் அவருக்குப் போய்ச் சேரும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டு அதன் பிறகு நான்கு வரி அவருடைய சிறப்பைச் சொன்னால், பெயருக்கு ஒரு கைதட்டல், வினைச்சொல்லுக்கு ஒரு கைதட்டல் என்று இரண்டும் அரைகுறையாகப் போகும். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பொன்னாடை போர்த்துபவரும் பூங்கொத்து கொடுக்கும் பிள்ளையும் பெயரைக் கேட்டுத்தான் நகர்வார்கள். பெயர் முன்னால் வந்துவிட்டால், நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் நடுமேடைக்கு வந்து நின்றுவிடுவார்கள். விருந்தினர் எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நிற்பார். பார்க்கவே சங்கடமாக இருக்கும். அவர்களிடம் முன்கூட்டியே "நான் வரவேற்கிறோம் என்று சொன்ன பிறகு வாருங்கள்" என்று சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, நம் மொழிக்கே உரியது. தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். பெற்றோரையும் மாணவரையும் பார்த்துப் பேசும்போது அது "நம் பள்ளி". விருந்தினரை நேராகப் பார்த்துப் பேசும்போது அது "எங்கள் பள்ளி". அவர் அந்தப் பள்ளியிலேயே படித்தவர் என்றால் மட்டும் அவரிடமும் "நம் பள்ளி" என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவருக்கு அது எவ்வளவு இதமாக இருக்கும் என்று முகத்திலேயே தெரியும். மாதிரியில் "நம் பள்ளிக் குடும்பத்தின் சார்பில் ... அவர்களை" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, பிறகு அவர் பக்கம் திரும்பி "ஐயா, எங்கள் பள்ளிக்கு" என்று மாற்றியிருப்பது இதனால்தான். இந்தத் திருப்பம் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். "நம் பள்ளிக்கு வந்திருக்கும் உங்களை, அவர் ஆற்றிய பணிகளுக்காக" என்று குழப்பினால், யாரிடம் பேசுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

இதே குழப்பம் "அவர்களே" என்பதிலும் வரும். "தலைமையாசிரியர் அவர்களே வருக வருக என வரவேற்கிறேன்" என்று பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இதில் இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. நேராகக் கூப்பிட்டால் "அவர்களே, வருக". அவரைப் பற்றிச் சொன்னால் "அவர்களை வரவேற்கிறேன்". இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரியாதை அடைகளிலும் கவனம் வேண்டும். "மாண்புமிகு" என்பது அமைச்சர் போன்ற பதவிகளில் இருப்போருக்கு, "முனைவர்" என்பது ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கு. பெண் விருந்தினருக்குத் திருமதியா செல்வியா என்ற ஐயம் வந்தால் "திருமிகு" என்று போடுங்கள். ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் யாருக்கும் பொருந்தும்.

அப்புறம், பெயர் வரிசை. நிறைய தொடக்கங்கள் செத்துப்போவது இங்கேதான். மேடையில் பன்னிரண்டு பேர் இருந்தால், முதலில் பன்னிரண்டு பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்து வணக்கம் சொல்வார்கள். பிறகு அதே பன்னிரண்டு பேரையும் மறுபடி ஒவ்வொருவராக வரவேற்பார்கள். ஒருவருக்கு ஐந்து நொடி என்றாலும் முதல் சுற்றுக்கே ஒரு நிமிடம் போய்விடும். கூட்டத்தின் கவனம் முழுதாக இருக்கும் நிமிடம் அது. வணக்கத்தைப் பொதுவாக ஒரே வரியில் முடித்துவிடுங்கள். பெயர்கள் வரவேற்கும் இடத்தில் ஒரு முறை வந்தால் போதும். அந்த வரிசையை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அழைப்பிதழில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில் போங்கள். பெரும்பாலும் தலைமை தாங்குபவர் முதலில், சிறப்பு விருந்தினர் அடுத்து என்று இருக்கும். உங்கள் நிர்வாகம் எல்லாரையும் தனித்தனியாக விளித்தே ஆக வேண்டும் என்று சொன்னால் சொல்லிவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். ஆனால் விளிகளை முடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டு, அந்தத் தீ வாக்கியத்தைப் புதிதாகத் தொடங்குவதைப் போலத் தொடங்குங்கள்.

குறளோடு தொடங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். தொடங்கலாம், ஆனால் குறளின் பொருள் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள்தான் மேடைகளில் அதிகம் வருகிறது, "மோப்பக் குழையும் அனிச்சம்" என்று தொடங்குமே, 90ஆவது குறள். அனிச்ச மலர் முகர்ந்தால்தான் வாடும், விருந்தினரோ முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்பது அதன் பொருள். விருந்தினரை அழைக்கும் வீட்டாருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. அதை வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தினரிடம் சொல்லி வரவேற்பது எனக்கு என்றுமே பொருத்தமாகப் படவில்லை. வரவேற்புக் குழுவில் நிற்கும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், அங்கே அது மிகச் சரியாக வேலை செய்யும். விருந்தினர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர் என்றால், குறளைவிட "விருந்து" என்ற சொல்லே உங்களுக்குக் கைகொடுக்கும். பழந்தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாக வருபவர் என்பதால்தான் விருந்தினர் என்ற பெயர். "விருந்து என்றால் புதுமை. ஆனால் இன்றைய விருந்தினர் நமக்குப் புதியவர் அல்லர், 6-ஆ பிரிவின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்" என்று போகலாம். பெஞ்சு எண் உண்மையாக இருந்தால்தான் அது எடுபடும்.

எதுகை மோனை பற்றியும் ஒரு வார்த்தை. "சிந்தையில் தெளிவும் செயலில் துணிவும்" போன்ற ஓர் இணை காதுக்கு இனிமைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஐந்தாறு இணைகள் தொடர்ந்து வந்தால் ஓசை மட்டும்தான் மிஞ்சும். செய்தி சொல்லும் வரியில் ஓசையைத் தேடாமல் இருப்பது நல்லது.

எழுதிய வரிகளை எப்படிச் சொல்வது என்பதும் இதோடு சேர்ந்தது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்த கூட்டம் உட்காரும்போது நாற்காலிகள் இழுபடும், குழந்தைகள் அழும். குத்துவிளக்கு ஏற்றிய பெரியவர்கள் தத்தம் இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் உங்களை அழைப்பார்கள். நடந்துபோய் மைக் முன் நில்லுங்கள். மைக்கைத் தட்டிப் பார்க்க வேண்டாம், உயரத்தை மட்டும் உங்கள் வாய்க்குச் சரிசெய்துகொள்ளுங்கள். விருந்தினர் உட்கார்ந்துவிட்டாரா என்று பாருங்கள். அவர் உட்கார்ந்த பிறகு இரண்டு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். "தீயின் உச்சியைப் பார்க்காதீர்கள்" என்ற வரியைத் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அது சொல்லி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி. இவர் என்ன சொல்கிறார் என்று கூட்டம் நிமிர்வதற்கு அந்த இடைவெளி வேண்டும். ஒத்திகையில் இருந்த மாணவர்கள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும். பெயரையும் பதவியையும் மட்டும் தாளைப் பார்த்தே சொல்லுங்கள், நன்றாகத் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. பதற்றத்தில் முதலில் நழுவுவது பெயர்தான். கடைசி வரியில் விருந்தினர் பக்கம் திரும்பும்போது தலையை மட்டும் திருப்புங்கள். உடம்போடு திரும்பினால் வாய் மைக்கைவிட்டு விலகி, அந்த வரி யாருக்கும் கேட்காது.

கடைசியாக ஒரு முன்னேற்பாடு. தீயணைப்பு நிலைய அலுவலர் என்பதால் இது உங்களுக்கு மிகவும் தேவை. விழா நேரத்தில் அவருக்கு அவசர அழைப்பு வரலாம், தாமதமாக வரலாம், தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம். அதனால் அவருக்கான வரிகளைத் தனி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்களை வரவேற்பது வேறு அட்டையில் இருக்கட்டும். அவர் மேடையில் இல்லாவிட்டால் மற்றவர்களை வரவேற்றுவிட்டு ஆண்டறிக்கைக்கு வழிவிடுங்கள். காலி நாற்காலியைப் பார்த்து அந்த வரிகளைச் செலவழிக்காதீர்கள். அவர் வந்து உட்கார்ந்ததும், நிகழ்ச்சியைத் தொகுப்பவரிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி அந்த அட்டையைப் படியுங்கள். வேறொருவர் வந்தால், "அடியைப் பாருங்கள்" என்ற பாடம் அவர்கள் துறை முழுவதற்கும் உரியது. "ஒருவர்" என்று வரும் இடத்தில் "தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்கள்" என்று மாற்றி, "அன்று பாடம் நடத்த வந்தவர்" என்று தொடங்கும் வாக்கியத்தையும் "மீண்டும்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, வந்திருப்பவரின் பெயரையும் தலைப்பெழுத்தையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அதற்காகச் சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு வெற்று அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.